நேபாளியில் ஒரு பக்கம்: சிறு நலவாழ்வுத் திட்டத்துக்கு நிதி கேட்கும் எழுத்து

நேபாளத்தின் மலைக் கிராமங்களில் சிறிய நலவாழ்வுத் திட்டம் ஒன்றை நடத்த விரும்பும் தொண்டு அமைப்புகள் நிதி விண்ணப்பத்தோடு இரண்டு ஆவணங்களைத் தயாரிப்பதுண்டு. ஒன்று, வெளிநாட்டு நிதியாளருக்காக ஆங்கிலத்தில் எழுதப்படும் விரிவான முன்மொழிவு. மற்றொன்று, அதற்கு முன்னால் வைக்கப்படும் ஒரு பக்க நேபாளிச் சுருக்கம். முன்மொழிவை எழுதுவதற்குப் பல வாரங்கள் செலவாகின்றன. சுருக்கமோ பல நேரங்களில் கடைசி நேரத்தில் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து ஒட்டப்படுகிறது. இந்த வழக்கம் திட்டத்தையே பலவீனப்படுத்துகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பணம் வருமா என்பதை ஆங்கில ஆவணம் தீர்மானிக்கலாம். வந்த பணம் ஊரில் வேலை செய்யுமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்த நேபாளிப் பக்கம்.

அந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள்

2015 அரசியலமைப்புக்குப் பிறகு நேபாளத்தின் நிர்வாகம் மூன்று அடுக்குகளாகப் பிரிந்தது. கீழடுக்கில் 753 உள்ளாட்சிகள் இருக்கின்றன. ஊர்ப்புறத்தில் இருப்பது காவுன்பாலிகா, நகர்ப்புறத்தில் இருப்பது நகர்பாலிகா. பேச்சில் இரண்டுக்கும் பொதுவாகப் பாலிகா என்பார்கள். அரசியலமைப்பின் 8-ஆம் அட்டவணை, அடிப்படைச் சுகாதாரத்தை இந்த உள்ளாட்சிகளின் அதிகாரத்தில் வைத்திருக்கிறது. கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு மருந்து வாங்குவது, பணியாளரை அமர்த்துவது, செவிலியர் பணியிடம் காலியாக இருந்தால் ஏற்பாடு செய்வது எல்லாம் இன்று பெரும்பாலும் பாலிகாவின் மேசைக்கு வருகின்றன.

வெளிநாட்டு நிதியைப் பெறும் அமைப்பு தலைநகரிலுள்ள சமூக நலக் குழுவின் ஒப்புதலையும் பெற வேண்டும். ஆயினும் ஊருக்குள் கதவைத் திறப்பது பாலிகாவின் சம்மதமும் வார்டு அலுவலகத்தின் சிபாரிசுக் கடிதமும்தான். அங்கே சுருக்கத்தைக் கையில் எடுப்பவர்கள் மூன்று வகையினர்.

முதலாமவர் பாலிகாவின் துணைத் தலைவர். உள்ளாட்சியில் வரவுசெலவையும் திட்டங்களையும் வகுக்கும் குழுவை நடத்துவது சட்டப்படி அவர் பொறுப்பு. தலைவர், துணைத் தலைவர் ஆகிய இரு பதவிகளுக்கும் வேட்பாளர்களை நிறுத்தும் கட்சி, அவற்றில் ஒன்றுக்குப் பெண்ணை நிறுத்த வேண்டும் என்ற விதியால், 2017 தேர்தலில் துணைத் தலைவர்களாக வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். ஆகவே இந்தப் பக்கத்தைப் படித்துப் பணம் ஒதுக்குவதா என்று யோசிப்பவர் பெரும்பாலும் ஒரு பெண். சுகாதார நிலையத்தில் எது கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்பதை நேரில் அறிந்தவராக அவர் இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது வகையினர் வார்டு தலைவரும் நான்கு உறுப்பினர்களும். அந்த நால்வரில் இருவர் பெண்கள், அவர்களுள் ஒருவர் தலித் பெண். மூன்றாவது வகையினர் சுகாதார நிலையத்தின் பொறுப்பாளரும், 1988-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் கீழ் ஊதியமின்றிப் பணிபுரியும் பெண் சமூக நலத் தொண்டர்களும். நேபாளியில் இவர்களை ஸ்வயம்சேவிகா என்பார்கள். நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமாக இருக்கிறார்கள். வைட்டமின் ஏ சொட்டு மருந்து முதல் கர்ப்பிணிகளுக்கான ஆலோசனை வரை வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவர்கள் இவர்கள்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2021 கணக்கெடுப்பில் நேபாளத்தில் 124 தாய்மொழிகள் பதிவாயின. நேபாளியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. தமாங்கோ, மகரோ, தாருவோ பேசும் வார்டு உறுப்பினருக்கு அலுவலக நேபாளி பள்ளியில் கற்ற மொழி. அரசுக் கடிதங்களில் புழங்கும் சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்த நடை அவரை மரியாதையாக வெளியே நிறுத்திவிடும். மரியாதை குறையாமல், அதே சமயம் அவருக்கும் விளங்கும்படி எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு திட்டம்

மலைப் பகுதிப் பாலிகா ஒன்றின் மூன்று வார்டுகளில் உயர் ரத்த அழுத்தத்தைக் கண்டறிந்து தொடர்ந்து கவனிக்கும் ஓராண்டுத் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் ஊர் எண்களும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. நாட்டளவிலான செய்திகளும் ஆய்வு முடிவும் உண்மையானவை.

நோயைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நேபாளத்தில் 2019-இல் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பில் 15 முதல் 69 வயது வரையிலானவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. பெரும்பாலும் அறிகுறி எதுவும் காட்டாத நோய் என்பதால் மலைக் கிராமத்தில் பலருக்கும் அது பக்கவாதம் வந்த பிறகே தெரியவருகிறது. அளவிடுவதற்கோ ஒரு கருவியும் சில நிமிடங்களும் போதும்.

இந்த வேலையைத் தொண்டர்களால் செய்ய முடியும் என்பதற்கு நேபாளத்திலேயே சான்று உண்டு. காஸ்கி மாவட்டத்தின் லேக்நாத் நகராட்சியில், அது பொக்ராவுடன் இணைக்கப்படுவதற்கு முன்பு, 14 பகுதிகளைச் சீட்டுப்போட்டுப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பகுதிகளில் தொண்டர்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய் அழுத்தத்தை அளந்து, உப்பு, புகையிலை, மது, மருந்து பற்றிப் பேசினார்கள். மற்றப் பகுதிகளில் வழக்கமான சேவை மட்டும். ஓராண்டு முடிவில், உயர் அழுத்தம் உள்ளவர்களிடையே மேல் அழுத்தம் தொண்டர் சென்ற பகுதிகளில் மற்றப் பகுதிகளைவிட ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் பாதரசம் கூடுதலாகக் குறைந்திருந்தது. முடிவு 2018-இல் மருத்துவ இதழில் வெளியானது.

இந்தச் சான்றைச் சுருக்கத்தில் எப்படி வைப்பது என்பதில்தான் எழுதுபவரின் நேர்மை தெரியும். 5 மில்லிமீட்டர் தனி மனிதருக்குச் சிறிய எண்ணாகத் தோன்றும். ஓர் ஊர் முழுவதற்கும் அது பக்கவாதத்தைக் குறைக்கும் அளவு. ஆனால் லேக்நாத் சாலையும் மருந்துக்கடையும் உள்ள இடம். நம் மூன்று வார்டுகளில் சில குடியிருப்புகளுக்கு இரண்டு மணி நேரம் மலையேற வேண்டும். அதே பலன் இங்கும் கிடைக்கும் என்று உறுதி சொன்னால் சுகாதார நிலையப் பொறுப்பாளரே நம்பமாட்டார். “லேக்நாத்தில் இது பலன் தந்தது, இங்கே நடை தூரம் அதிகம், ஆகவே தொண்டர்களின் பயணத்துக்குத் தனித் தொகை கேட்கிறோம்” என்று எழுதினால் சான்றும் வரும், அதன் எல்லையும் வரும், செலவுக்கான காரணமும் வந்துவிடும். ஒரே வாக்கியம் மூன்று வேலையைச் செய்கிறது.

பக்கத்தின் உள்ளடக்கம்

நேபாளியில் எழுதப்படும் அந்தச் சுருக்கத்தின் பொருள் தமிழில் இப்படி அமையும்:

“எங்கள் பாலிகாவின் 3, 4, 5-ஆம் வார்டுகளில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் சுமார் 2,400 பேர் வாழ்கிறார்கள். கடந்த ஆண்டு மூன்று சுகாதார நிலையங்களின் பதிவேட்டிலும் உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து பெற்றவர்களாக 140 பேரே உள்ளனர். எஞ்சியவர்களில் பலர் தங்களுக்கு நோய் இருப்பதை அறியாதிருக்கக் கூடும்.

வார்டுக்கு ஒன்பது பேராக 27 ஸ்வயம்சேவிகாக்கள் மூன்று நாள் பயிற்சி பெற்று, தங்கள் குடியிருப்பில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரின் ரத்த அழுத்தத்தையும் அளப்பார்கள். கூடுதலாக உள்ளவர்களைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார்கள். நிலையப் பொறுப்பாளர் நோயை உறுதி செய்து மருந்து தருவார். அதன் பின் ஸ்வயம்சேவிகா நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குச் சென்று பார்ப்பார்.

ஆண்டு முடிவில், பதிவான நோயாளிகளில் பாதிப் பேருக்காவது அழுத்தம் 140/90-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது எங்கள் இலக்கு. இதற்கு ஒன்பது லட்சம் ரூபாய் கோருகிறோம். இரண்டாம் ஆண்டு முதல் மருந்துக்கும் ஸ்வயம்சேவிகாக்களின் பயணச் செலவுக்கும் பாலிகா தன் வரவுசெலவில் இடம் ஒதுக்கும்படி வேண்டுகிறோம்.”

இதில் பின்தங்கிய மக்கள், அறியாமையில் உழல்பவர்கள் போன்ற சொற்கள் இல்லை. நிதி கேட்கும் எழுத்தில் அவை எளிதில் நுழைந்துவிடும். வெளிநாட்டு நிதியாளரின் இரக்கத்தைத் தூண்ட எழுதப்பட்ட அந்த வாக்கியத்தை நேபாளியில் படிப்பவர் அதே வார்டில் வாழ்பவர். தம் ஊரைப் பற்றி அப்படி எழுதிய காகிதத்துக்கு அவர் மனமுவந்து சிபாரிசு எழுத மாட்டார். அவருடைய சுகாதார நிலையத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்த 140 என்ற எண் அவரை யோசிக்க வைக்கும். சரிபார்க்கவும் அவரால் முடியும்.

வினைச்சொல்லும் கவனத்துக்குரியது. அலுவலக நேபாளியில் “செய்யப்படும்”, “நடத்தப்படும்” என்ற பொருள் தரும் வடிவம் மிக இயல்பானது. கேட்கக் கண்ணியமாக இருக்கும். யார் செய்வார் என்பதை மட்டும் அது சொல்லாது. மேலே உள்ள சுருக்கத்தில் அளப்பவர் யார், உறுதி செய்பவர் யார், மருந்து தருபவர் யார் என்று ஒவ்வொரு வினைக்கும் ஆள் இருக்கிறார். மரியாதை வினைமுற்றில் அப்படியே இருக்கலாம், பொறுப்பும் கூடவே இருக்க வேண்டும். சுகாதார நிலையப் பொறுப்பாளர் இந்தப் பக்கத்தைப் படித்ததும் தம் பங்கு எது என்று கண்டுபிடித்துவிடுவார். முடியாது என்றால் அப்போதே சொல்லிவிடுவார். திட்டத்துக்கு அது நல்லது.

எண்கள் பொருந்துகின்றனவா?

சுருக்கம் நம்பத்தக்கதா என்று பார்க்க, ஒரு தொண்டரின் வேலையைக் கணக்கிட்டுப் பார்த்தால் போதும். 2,400 பேரை 27-ஆல் வகுத்தால் ஒவ்வொருவருக்கும் 89 பேர் வருகிறார்கள். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும், கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், இரண்டு முறை அளக்க வேண்டும். பேச்சும் சேர்ந்தால் ஒருவருக்கு இருபது நிமிடம் ஆகும். வயல் வேலையும் வீட்டு வேலையும் உள்ள பெண்ணுக்கு இந்த முதல் சுற்று மூன்று மாத வேலை. மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் கூடுதலாக இருப்பதாகக் கொண்டால், தொடர்ந்து பார்க்க வேண்டியவர்கள் அவருக்குச் சுமார் 30 பேர். நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்றால் வாரத்துக்கு இரண்டு வீடு. இது நடக்கக் கூடிய வேலை. மாதம் ஒருமுறை என்று எழுதியிருந்தால் வாரத்துக்கு ஏழு வீடாகியிருக்கும். ஊதியமில்லாத தொண்டரிடம் அதைக் கேட்கும் திட்டம் மூன்றாம் மாதத்தில் பதிவேட்டில் மட்டும் நடக்கத் தொடங்கும். அளக்காமலேயே 120/80 என்று எழுதிய வரிகள் அடுத்தடுத்து வருவதுதான் அதன் அடையாளம். உண்மையான அளவுகள் அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை.

நாட்காட்டியும் இதே கண்ணால் பார்க்கத் தக்கது. நேபாளத்தின் நிதியாண்டு ஜூலை நடுவில், சாவுன் மாத முதல் நாளில் தொடங்குகிறது. பாலிகாவின் வரவுசெலவு அதற்கு முன் அசார் 10-க்குள் சபையில் வைக்கப்பட வேண்டும். ஆகவே இரண்டாம் ஆண்டுக்குப் பாலிகாவிடம் பணம் எதிர்பார்க்கும் சுருக்கம், அசாருக்குச் சில மாதங்கள் முன்பே வார்டு நிலையில் பேசப்பட்டிருக்க வேண்டும். அசார் பிறந்த பிறகு வரும் கோரிக்கைக்கு அந்த ஆண்டில் இடம் கிடைப்பது அரிது. சாவுன் மாதத்தில் பயிற்சி வைப்பதும் பொருந்தாது. அசார், சாவுன் இரண்டும் நாற்று நடும் காலம், மழையில் மண் சரிந்து சாலைகள் மூடும் காலம். பயிற்சியை பாத்ரா முடிவில் வைத்து, தசாய், திஹார் பண்டிகைகளை ஒட்டி முதல் சுற்றை நடத்துவது பொருத்தம். வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கும் ஆண்களில் ஒரு பகுதியினர் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள். சுருக்கத்தில் “முதல் காலாண்டு” என்று எழுதாமல், விக்ரம நாட்காட்டியின் மாதப் பெயரோடு எழுத வேண்டியதற்குக் காரணம் இதுதான். படிப்பவர் தம் வயலையும் சாலையையும் நினைத்துப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்ல முடியும்.

பணக் கணக்கில் ஒன்பது லட்சம் எப்படி வந்தது என்பது ஒரு சிறு அட்டவணையில் அடங்கும். உதிரியோடு 30 மின்னணுக் கருவிகளுக்கு 1,35,000. பயிற்சிக்கு 1,50,000. தொண்டர்களுக்கு மாதம் 500 ரூபாய் பயணச் செலவாக ஆண்டுக்கு 1,62,000. மேற்பார்வைச் செவிலியருக்கு 3,00,000. பதிவேடு, அட்டை, மின்கலத்துக்கு 63,000. மருந்து தீர்ந்துபோகும் மாதங்களுக்கான இருப்பு நிதி 90,000. கூட்டினால் 9,00,000, நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்கு 375 ரூபாய். துணைத் தலைவர் முதலில் பார்ப்பது மூன்று லட்சம் என்ற செவிலியர் வரியாகத்தான் இருக்கும். நிதி நின்ற பின் அந்தச் செவிலியர் இருப்பாரா என்று அவர் கேட்பார். இருக்க மாட்டார், அவர் வேலையை மூன்று நிலையங்களின் பொறுப்பாளர்கள் ஆண்டின் இரண்டாம் பாதியில் ஏற்றுக்கொள்வார்கள் என்று சுருக்கமே சொல்லியிருந்தால் கேள்வி அங்கேயே முடியும்.

எங்கே தவறுகிறது

இத்தகைய திட்டங்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் மருந்து. 2,400 பேரை அளந்து 800 பேரிடம் நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சுகாதார நிலையத்தில் அம்லோடிபின் இல்லாமல் போனால், தொண்டர் ஊரில் தலைகாட்ட முடியாது. அடிப்படை மருந்துகள் அரசு நிலையங்களில் இலவசம் என்பது கொள்கை. ஆனால் முந்தைய ஆண்டு 140 பேருக்காகக் கணக்கிட்டு வாங்கிய மருந்து 800 பேருக்குப் போதாது. வெற்றிபெறும் கண்டறிதலே தட்டுப்பாட்டை உண்டாக்கும். இருப்பு நிதி 90,000 ரூபாய் இதற்காகத்தான். அது ஓராண்டை மட்டுமே தாங்கும், ஆகவே பாலிகா தன் மருந்துக் கொள்முதலைக் கூட்ட வேண்டும் என்ற வரி சுருக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். கடினமான இந்த உண்மையைச் சொல்லாமல் விட்ட சுருக்கம் பார்க்க அழகாக இருக்கும், ஆறு மாதத்தில் திட்டத்தின் பெயர் கெடும்.

அடுத்த தவறு அளவுகோலில் நடக்கிறது. “2,400 பேருக்குப் பரிசோதனை” என்பது செலவழித்ததற்கான கணக்கு. மக்களுக்குக் கிடைத்த பலன் அதில் தெரியாது. பதிவானவர்களில் எத்தனை பேர் கடைசிச் சந்திப்பில் 140/90-க்குக் கீழே இருந்தார்கள், எத்தனை பேர் இரண்டு சந்திப்புகளைத் தவறவிட்டார்கள் என்ற இரண்டு எண்கள் போதும். அவற்றைச் சாதிவாரியாகவும் குடியிருப்பின் தூரம் வாரியாகவும் பிரித்துப் பார்த்தால், சாலையோரத்து வீடுகள் முன்னேறி, மேல்குடியிருப்பின் தலித் வீடுகள் விடுபடுகின்றனவா என்பது தெரியும். வார்டுக் குழுவின் தலித் உறுப்பினர் கேட்கப்போகும் கேள்வி அது. பதிலைச் சுருக்கமே வாக்களித்திருந்தால் அவர் திட்டத்தின் காவலராகிவிடுவார். சேகரித்த தகவலை ஆய்வாக வெளியிடும் எண்ணம் இருந்தால் நேபாள நலவாழ்வு ஆய்வுக் குழுவின் அறநெறி ஒப்புதலை முன்னதாகப் பெறுவதாகவும் ஒரு வரி வேண்டும்.

மூன்றாவது தவறு, 180/110-க்கு மேல் அழுத்தம் உள்ளவரை என்ன செய்வது என்று சொல்லாமல் விடுவது. அவரை அன்றே சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நெஞ்சுவலியோ கைகால் தளர்வோ இருந்தால் நேராக மருத்துவமனைக்கு. அந்த வண்டிச் செலவு எங்கிருந்து வரும் என்பது ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டிய செய்தி. பாலிகாவின் ஆம்புலன்ஸ் ஏற்பாட்டோடு இணைப்பதாக எழுதலாம், பாலிகா அதற்கு உடன்பட்ட பிறகு மட்டும்.

சோதித்துப் பார்க்கும் முறை

எழுதி முடித்த சுருக்கத்தை அலுவலகத்தில் மட்டும் படித்துப் பார்த்தால் போதாது. ஆமா சமூஹ எனப்படும் தாய்மார் குழுக் கூட்டத்தில் ஒரு ஸ்வயம்சேவிகாவிடம் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். காகிதத்தை மடித்துவிட்டு, முதல் மாதத்தில் அவர் என்ன செய்ய வேண்டும், அழுத்தம் மிகக் கூடுதலாக இருந்தால் யாரை அழைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். அவர் சொல்ல முடிந்தால் பக்கம் தெளிவாக இருக்கிறது. தயங்கினால், தயங்கிய இடத்தில் ஒன்று அலுவலகச் சொல் மறைத்திருக்கிறது, அல்லது திட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது. இரண்டாவது நேர்ந்தால் திருத்த வேண்டியது ஆங்கில முன்மொழிவையும்தான். இதனால்தான் நேபாளிப் பக்கத்தை முதலில் எழுதி, ஊரில் சோதித்து, அதிலிருந்து ஆங்கில ஆவணத்தை விரிக்கும் வரிசை சிறந்தது.

கண்ணியமான நடையும் நம்ப வைக்கும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. அலுவலக எழுத்தில் படிப்பவரை நம்ப வைப்பது அவர் சரிபார்க்கக் கூடிய எண், பெயரோடு சொன்ன பொறுப்பு, மறைக்காத எல்லை, முதலாண்டுக்குப் பின் என்ன நடக்கும் என்பதற்கான பதில். சிறு திட்டங்களுக்கு நிதி தரும் நிறுவனங்கள் ஆங்கில முன்மொழிவை மதிப்பிடும் அதே கவனத்தோடு இந்த ஒரு பக்கத்தையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். அதை ஊரார் படித்துச் சம்மதித்தார்களா என்பதை நிதி தருவதற்கான நிபந்தனையாகவே வைக்க வேண்டும்.